ஆரி கிட் விற்கப் போகிறீர்களா? பெட்டிக்குள் இருப்பதை ஒன்று விடாமல் எழுதி, படம் போட்டு லிஸ்டிங் போடும் வழி

பெங்களூரில் வீட்டிலிருந்தபடியே ஆரி வேலைக்கான கிட் கட்டி ஆன்லைனில் விற்கலாம் என்று இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சரக்குக்கு இங்கே பஞ்சமே இல்லை. சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி அவென்யூ ரோட்டுப் பக்கம் நடந்தால் ராஜா மார்க்கெட்டில் மணி, கல், ஜரி, சமிக்கி என்று பை நிறைய வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஒரு குர்த்தியையோ ஒரு டம்ளரையோ ஆன்லைனில் ஏற்றுவது எப்படி என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, ஆனால் பதினாலு விதமான சாமான்களை ஒரே பெட்டியில் போட்டு ஒரே விலைக்கு விற்றால் அதை எப்படி எழுத வேண்டும், எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்பதை யாரும் ஒரே இடத்தில் சொல்வதில்லை. சட்டம் ஒன்று கேட்கிறது, விற்கும் தளம் இன்னொன்று கேட்கிறது, கூரியர்காரருக்கு வேறு கணக்கு. அங்கே இங்கே முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது ஆரம்பநிலை ஆரி கிட் ஒன்றை மட்டும். ரங்கோலி கிட், ரெசின் கிட், பூஜை சாமான் காம்போ எதுவானாலும் வேலை இதேதான், சாமான்தான் மாறும்.

1. பெட்டி வாங்கும் முன் பட்டியலை எழுதுங்கள்

ஒரு நோட்டிலோ கணினியில் ஒரு ஷீட்டிலோ ஐந்து கட்டம் போடுங்கள்: வரிசை எண், பொருள், எண்ணிக்கை அல்லது எடை, அளவு, நிறம். இதுதான் மூலப் பட்டியல். லிஸ்டிங்கில் எழுதுவது, படத்தில் காட்டுவது, பெட்டி மேல் ஒட்டும் லேபிள், உள்ளே வைக்கும் சீட்டு எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும். வேறு எங்கேயும் புதிதாகத் தட்டச்சு செய்யாதீர்கள், இங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். லிஸ்டிங்கில் ஏழு நூல்கண்டு, சீட்டில் ஆறு என்று வந்தால் வாங்கியவர் ஏழைத்தான் கேட்பார், கேட்பதும் நியாயம்தான்.

என் கிட்டின் பட்டியல் இப்படி:

1. ஆரி ஊசி, கைப்பிடியுடன்: 3 (நூலுக்கு 1, ஜரிக்கு 1, மணிக்கு 1)
2. சர்தோசி தைக்கும் கை ஊசி: 2
3. மர வட்ட ஃப்ரேம், 12 இன்ச், திருகுடன்: 1 (உள் வளையமும் வெளி வளையமும் சேர்ந்தது ஒரு ஃப்ரேம்)
4. சில்க் த்ரெட்: 6 கண்டு, 6 நிறம் (சிவப்பு, பச்சை, மயில் நீலம், மஞ்சள், ரோஸ், ஊதா)
5. பழகுவதற்கான காட்டன் நூல்: 2 கண்டு, வெள்ளை
6. ஜரி நூல்: 1 கண்டு, தங்க நிறம்
7. சர்தோசி: 1 பாக்கெட், 10 கிராம், தங்க நிறம்
8. சுகர் பீட்ஸ்: 1 பாக்கெட், 20 கிராம், தங்க நிறம்
9. குந்தன் கல்: 1 பாக்கெட், 25 கல், வெள்ளை
10. சமிக்கி: 1 பாக்கெட், 5 கிராம், தங்க நிறம்
11. பயிற்சித் துணி: 1, 45 × 45 செ.மீ., மெரூன்
12. துணிப் பசை: 1 ட்யூப், 20 மி.லி.
13. டிசைன் அச்சிட்ட ட்ரேஸிங் பேப்பர்: 4 தாள், ஏ4
14. மஞ்சள் கார்பன் பேப்பர்: 1 தாள்

மூன்றாவது வரியில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பாருங்கள். ஃப்ரேமைக் கழற்றினால் இரண்டு வளையம் வரும். படத்தில் இரண்டு வளையம் தெரிந்து பட்டியலில் ஒன்று என்று இருந்தால் குறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். பட்டியலில் இரண்டு என்று போட்டால் இரண்டு முழு ஃப்ரேம் எதிர்பார்ப்பார்கள். இந்த மாதிரி இரண்டு துண்டாகப் பிரியும் சாமான் உங்கள் கிட்டில் எது இருந்தாலும் அங்கேயே ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள்.

துணியின் அளவும் சும்மா எழுதியதில்லை. 12 இன்ச் என்றால் முப்பது சென்டிமீட்டர் சொச்சம். சுற்றிலும் இழுத்துப் பிடிக்கத் துணி மிஞ்ச வேண்டும். முப்பத்தைந்து சென்டிமீட்டர் துணி போட்டால் ஃப்ரேமில் டைட்டாக நிற்காது. அளவை எழுத உட்காரும்போதுதான் இது கண்ணில் படும், அதற்காகவே பெட்டி வாங்கும் முன் எழுதச் சொல்கிறேன்.

2. எதை எண்ணுவது, எதை எடை போடுவது

மேலே உள்ள பட்டியலில் வகை எத்தனை? பதினாலு. பாக்கெட்டை ஒன்றாக எண்ணினால் உருப்படி எத்தனை? 26. குந்தன் கல்லை மட்டும் பிரித்து எண்ணினால்? 50. சுகர் பீட்ஸையும் எண்ண ஆரம்பித்தால் ஆயிரக்கணக்கில் போகும். பெட்டி என்னவோ ஒன்றுதான்.

இங்கேதான் நிறைய பேருக்கு ஆசை வருகிறது. தலைப்பில் "50 பீஸ் கிட்" என்று போட்டால் பார்க்கப் பெரிதாகத் தெரியும், கூட ஒரு ப்ளஸ் குறியையும் சேர்த்து "100+ பீஸ்" என்று போடுபவர்களும் உண்டு. வாங்கியவர் பெட்டியைத் திறந்து எண்ணுவார். கல்லை எண்ண மாட்டார், கண்ணுக்குத் தெரியும் சாமானை எண்ணுவார், இருபத்தாறில் வந்து நின்றுவிடும். அப்புறம் ஒரு ஸ்டார்தான்.

நான் வைத்திருக்கும் கணக்கு: தலைப்பில் வகையின் எண்ணிக்கை மட்டும், அதாவது "14 வகைப் பொருட்கள்". தளம் எண்ணிக்கைக்கென்று தனிக் கட்டம் கொடுத்தால் என்ன கேட்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். விற்பது எத்தனை கிட் என்று கேட்கும் இடத்தில் 1 தான் வர வேண்டும், 14 என்றோ 26 என்றோ போட்டுவிட்டால் அத்தனை கிட் ஒரு விலைக்கு என்று பொருள் வந்துவிடும். மணி, சமிக்கி, சர்தோசி எல்லாம் கிராமில். கல், ஊசி, நூல்கண்டு, தாள் எண்ணிக்கையில். துணி நீள அகலத்தில். பசை மில்லியில். "ஒரு பாக்கெட் மணி" என்று மட்டும் எழுதி எடையை விட்டுவிடாதீர்கள். பாக்கெட் என்பது ஒரு அளவே இல்லை.

எடை விஷயத்தில் இன்னொன்று. மார்க்கெட்டில் 20 கிராம் என்று கட்டி விற்கும் பாக்கெட்டில் கவரோடு சேர்த்து 20 இருக்கலாம். வீட்டில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வைத்துக் கவர் இல்லாமல் நிறுத்துப் பாருங்கள். 18.5 வந்தால் பட்டியலில் 18 என்று எழுதுங்கள், அல்லது மொத்தமாக வாங்கி நீங்களே 20 கிராம் நிறுத்துப் போடுங்கள். இரண்டாவதுதான் சௌகரியம், விலையும் குறையும்.

3. பில், லேபிள், பதிவு

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து விற்க ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். காகித வேலை கொஞ்சம்தான், முதலிலேயே முடித்துவிடுங்கள்.

சரக்கு வாங்கும்போது ஒவ்வொரு கடையிலும் பில் கேளுங்கள். பில்லில் பொருளின் பெயர் தனித்தனியாக இருக்க வேண்டும், "ஃபேன்சி ஐட்டம்" என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டுத் தருவதை வாங்கி வராதீர்கள். கண்ணாடி மணி, கல் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், அப்படியானால் எந்த நாடு என்பதைக் கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லிஸ்டிங்கில் தயாரிப்பு நாடு கேட்கும் இடத்தில் பெட்டியை நீங்கள் பெங்களூரில் கட்டினீர்கள் என்பதற்காக எல்லாவற்றுக்கும் இந்தியா என்று போட்டுவிட முடியாது. நான் பட்டியலில் இறக்குமதிச் சாமானுக்கு நேராகவே நாட்டின் பெயரை எழுதிவிடுகிறேன்.

அடுத்தது லேபிள். பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011ல் வந்தவை. ஒரே பொட்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரும், எண்ணிக்கை அல்லது அளவும் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆக, பட்டியல் என்பது வாடிக்கையாளருக்காக நாம் செய்யும் தயவு இல்லை, லேபிளின் ஒரு பகுதி. அதோடு கட்டுபவரின் பெயர், முகவரி, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, மாதம் வருடம், புகாருக்கான போன் எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். மாதம் வருடம் தவிர மற்றவை லிஸ்டிங் பக்கத்திலும் தெரிய வேண்டும்.

பொட்டலம் கட்டி விற்பவராகப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். கட்ட ஆரம்பித்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், விதியில் உள்ள கட்டணம் 500 ரூபாய். கர்நாடகத்தில் கட்டுபவர்கள் மாநிலத்தின் சட்டமுறை எடையளவுத் துறையில் விண்ணப்பிக்கலாம். வீட்டு முகவரியில் கட்டுபவர்கள் அந்த முகவரியைத்தான் லேபிளிலும் போட வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வாடகை வீடு மாறினால் லேபிளும் மாறும். அதனால் ஆயிரக்கணக்கில் அச்சடிக்காமல் ஐம்பது ஐம்பதாக அடித்துக்கொள்வது நல்லது.

ஜி.எஸ்.டி. பக்கம் ஒரு பொறி உண்டு. தனித்தனி வரி விகிதம் உள்ள பொருட்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், அவை இயல்பாகவே சேர்ந்து விற்கப்படுபவை இல்லையென்றால், அது கலப்பு வழங்கல். உள்ளே இருப்பதில் எதற்கு அதிக வரியோ அந்த விகிதம்தான் மொத்தப் பெட்டிக்கும். நூலுக்கு ஒரு விகிதம், பசைக்கு வேறு விகிதம் என்றால் இருபது ரூபாய்ப் பசை மொத்தக் கிட்டின் வரியையும் ஏற்றிவிடலாம். ஆடிட்டரிடம் போகும்போது "கிட் விற்கிறேன்" என்று வாயால் சொல்லாமல் அந்தப் பதினாலு வரிப் பட்டியலையே கையில் கொடுங்கள். பசையை எடுத்துவிடலாமா, அதைத் தனியாக விற்கலாமா என்பதை அவரே சொல்வார்.

பசை பற்றி இன்னொரு வரி: ட்யூபில் எளிதில் தீப்பற்றும் என்ற குறி இருந்தால் விமானத்தில் போகும் பார்சலில் எடுக்க மாட்டார்கள். தண்ணீர் கலந்த வகைத் துணிப் பசையாகப் பார்த்து வாங்குங்கள்.

4. பெட்டி அளவும் கூரியர் கணக்கும்

கூரியரில் நிறுத்த எடைக்கும் கன அளவு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. கன அளவு எடை என்பது பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது, பெரும்பாலான கூரியரில் இதுதான் கணக்கு.

12 இன்ச் ஃப்ரேம் போக 34 × 34 × 6 பெட்டி வேண்டும். பெருக்கினால் 6936, வகுத்தால் சுமார் 1.39 கிலோ. தராசில் வைத்தால் கிட் முக்கால் கிலோகூட வராது, ஆனால் அரை கிலோ அரை கிலோவாக ஏறும் கட்டணத்தில் நீங்கள் ஒன்றரைக் கிலோவுக்குக் கட்டுவீர்கள். அதே கிட்டில் 8 இன்ச் ஃப்ரேம் வைத்தால் 24 × 24 × 6 போதும், 0.69 கிலோ, அதாவது ஒரு கிலோ கட்டணம். உள்ளே இருக்கும் அத்தனை சாமானும் சேர்ந்து தீர்மானிக்காத கூரியர் செலவை அந்த ஒரு வளையம் தீர்மானிக்கிறது. இதை விலை போட்ட பிறகு கண்டுபிடித்தால் ஃப்ரேமை மாற்ற வேண்டும், ஃப்ரேமை மாற்றினால் துணி அளவு, படம், லேபிள் எல்லாம் மாறும். ஆகவே இந்தக் கணக்கை முடித்துவிட்டே கேமராவை எடுங்கள்.

5. படம்: ஒவ்வொரு சாமானும் தெரிய வேண்டும்

தேவையானது ஒரு நல்ல போன், இரண்டு வெள்ளை சார்ட் பேப்பர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஜன்னல் பக்கம் ஒரு மேசை. நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் நேர் வெயில் விழாத ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். தங்க நிறச் சாமான் டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளி மாதிரி விழும், மஞ்சள் பல்பில் செம்பு மாதிரி விழும். ஜரியின் நிறம் சரியாக வராததால் வரும் ரிட்டர்ன் ஒன்றல்ல இரண்டல்ல.

மூன்று விதப் படம் எடுக்க வேண்டும்.

முதலாவது மொத்தப் படம். பதினாலு வகையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், மேலிருந்து நேராக. ஆறு நூல்கண்டையும் ஆறாக வைக்க வேண்டும், அடுக்கி வைத்து மூன்று மட்டும் தெரிந்தால் மூன்று என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ட்ரேஸிங் பேப்பர் நான்கையும் விசிறி போல விரித்து நான்கு ஓரமும் தெரியும்படி. மணி, கல் பாக்கெட்டுகளை பாக்கெட்டாகவே வையுங்கள், கிண்ணத்தில் கொட்டி வைத்தால் கிண்ணமும் வரும் என்று நினைப்பார்கள். அமேசானில் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி (நிற எண் 255, 255, 255) வேண்டும், சாமான் படத்தில் 85 சதவீதத்தையாவது நிறைக்க வேண்டும், மேலே எழுத்தோ எண்ணோ இருக்கக் கூடாது, கிட்டோடு வராத எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. மற்ற தளங்களுக்கும் இதே படத்தைப் போட்டால் பிரச்சினை வராது.

இரண்டாவது எண் போட்ட படம். மொத்தப் படத்தையே எடுத்து ஒவ்வொரு சாமானின் பக்கத்திலும் பட்டியலில் உள்ள வரிசை எண்ணைப் போடுங்கள். 9 என்றால் பட்டியலிலும் 9 குந்தன் கல்தான், படத்திலும் 9 குந்தன் கல்தான். பார்ப்பவர் படத்துக்கும் பட்டியலுக்கும் கண்ணை மாற்றி மாற்றிச் சரிபார்க்க முடிய வேண்டும். எண் பெரிதாக இருக்கட்டும், எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள்.

மூன்றாவது கிட்டப் படங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். ஊசிக்கு இது கட்டாயம். மூன்று ஆரி ஊசியும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், முனையின் கொக்கிதான் வேறு. மணிக்கான ஊசி மெல்லிசாக, மணியின் துளைக்குள் போகும்படி இருக்கும். அந்த முனை படத்தில் தெரியாவிட்டால் "ஒரே ஊசியை மூன்று போட்டிருக்கிறார்கள்" என்று எழுதுவார்கள். போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது. ஒரு சாண் தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்து, அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள். சர்தோசியில் வழவழப்பானதும் சொரசொரப்பானதும் உண்டு, எது வருகிறது என்று கிட்டப் படத்தில் தெரிந்தால் பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

பதினாலு கிட்டப் படத்தையும் தனித்தனியாக ஏற்றப் பல தளங்களில் இடம் இருக்காது. நாலு நாலாகக் கட்டம் பிரித்துச் சேர்த்து நான்கு படமாக்குங்கள், கட்டத்தின் கீழே எண்ணும் பெயரும் அளவும். மொத்தப் படம், எண் படம், இந்த நான்கு, ஆக ஆறு போதும். தனிப் படங்களை அழித்துவிடாமல் எண்ணோடு பெயர் வைத்துச் சேமியுங்கள், பின்னால் ஒரு சாமான் மாறினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்:

```
ARI12-09-kundan-25.jpg
ARI12-10-samiki-5g.jpg
```

படத்தில் இருக்கவே கூடாதவை என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கத்தரிக்கோல். அழகுக்காக ஓரத்தில் வைக்கத் தோன்றும், வேண்டாம். ஃப்ரேமுக்கு ஸ்டாண்டு. அதைவிட மோசம், தைத்து முடித்த ப்ளவுஸ். ஸ்டாண்டு விஷயத்தில் கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு அம்மா போன் பண்ணிக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏம்மா, ஃப்ரேம் வந்திருக்கு, இதைத் தொடையில வச்சுத் தைக்கறதா, ஸ்டாண்டு தனியா வருமா?" படத்தில் ஸ்டாண்டு இல்லை, பட்டியலிலும் இல்லை, ஆனாலும் வேறு கடையில் ஸ்டாண்டோடு பார்த்தவருக்கு அந்தக் கேள்வி வருவது இயற்கை. அதற்குப் பதில் அடுத்த படியில்.

6. லிஸ்டிங்கில் எழுதுவது

தலைப்பில் கிட் யாருக்கு, ஃப்ரேம் அளவு, வகை எண்ணிக்கை, ஸ்டாண்டு இல்லை என்பது நான்கும் வந்துவிட வேண்டும். "ஆரி எம்ப்ராய்டரி ஆரம்பநிலை கிட், 12 இன்ச் மர ஃப்ரேம் (ஸ்டாண்டு இல்லை), 14 வகைப் பொருட்கள்." இவ்வளவு போதும். "பிரீமியம்", "ஆல் இன் ஒன்", "முழுமையான" எதுவும் வேண்டாம். முழுமையான என்று எழுதிவிட்டுக் கத்தரிக்கோல் இல்லையென்றால் முழுமை எங்கே என்று கேட்பார்கள்.

பட்டியலைப் போடுவதற்குத் தளங்களில் தனி இடம் உண்டு. அமேசானில் `Included Components`, ஃபிளிப்கார்ட்டில் `Sales Package`. நிறைய பேர் அங்கே "1 கிட்" என்று போட்டுவிட்டு விவரத்தை எல்லாம் கீழே விளக்கத்தில் எழுதுகிறார்கள். விளக்கம் வரை யாரும் இறங்கிப் படிப்பதில்லை, புகார் வரும்போது தளத்தின் ஆட்கள் முதலில் பார்ப்பதும் அந்தக் கட்டத்தைத்தான். பதினாலு வரியும் எண்ணிக்கையோடு அங்கேயே போக வேண்டும். இடம் பத்தாவிட்டால் நிறத்தை விட்டுவிடலாம், எண்ணிக்கையை விடக் கூடாது.

பட்டியலுக்குக் கீழே "இந்தக் கிட்டில் வராதவை" என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள்: ஃப்ரேம் ஸ்டாண்டு, கத்தரிக்கோல், ப்ளவுஸ் துணி, பயிற்சி வீடியோ. விற்பனை குறைந்துவிடும் என்று பயப்படுவார்கள். ஸ்டாண்டு வேண்டும் என்பவர் எப்படியும் ரிட்டர்ன்தான் போடுவார், அந்தப் போகவர கூரியர் காசு மிச்சம். நானும் ஸ்டாண்டுள்ளதைத் தனி லிஸ்டிங்காக, தனிப் படத்தோடு வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே லிஸ்டிங்கில் தேர்வுகளாகப் போட்டால் ஒவ்வொரு தேர்வுக்கும் சொந்தப் பட்டியலும் சொந்தப் படமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாண்டு உள்ள படமே ஸ்டாண்டு இல்லாததற்கும் தெரிந்துகொண்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

"நிறம் மாறலாம்" என்ற வரியை எல்லோரும் போடுகிறார்கள். அதை மொத்தக் கிட்டுக்கும் போடாதீர்கள். எந்தச் சாமானின் நிறம் மாறும், எது மாறாது என்று பிரித்து எழுதுங்கள். "பயிற்சித் துணி மெரூன் அல்லது கரும்பச்சை, மற்றவை படத்தில் உள்ள நிறமே" என்றால் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பொத்தாம்பொதுவாக ஒரு வரி போட்டுவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

உள்ளே போகும் சாமானில் தனி விலை அச்சிட்டிருந்தால் கூட்டிப் பாருங்கள். பசை ட்யூப், நூல்கண்டு அட்டை எல்லாவற்றிலும் அச்சிட்ட விலை இருக்கும். அதையெல்லாம் கூட்டினால் உங்கள் கிட் விலையில் பாதிகூட வரவில்லை என்று ஒருவர் படமெடுத்து விமர்சனத்தில் போட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

7. கட்டும்போது

மூலப் பட்டியலை ஏ4 தாளில் அடித்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒன்று வையுங்கள், வரிசை எண் அதேதான். பெரிய சார்ட் ஒன்றில் பதினாலு கட்டம் வரைந்து எண் போட்டு மேசையில் ஒட்டிவிடுங்கள். கட்டும்போது முதலில் சாமானை அந்தந்தக் கட்டத்தில் வைத்து, ஆர்டர் எண் எழுதிய துண்டுச் சீட்டையும் ஓரத்தில் வைத்து மேலிருந்து ஒரு படம், அப்புறம் பெட்டிக்குள். காலியான கட்டம் பளிச்சென்று தெரியும். இந்தப் படங்களை ரிட்டர்ன் காலம் முடிந்து பணம் கைக்கு வரும்வரை வைத்திருங்கள். ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், பழகினால் இரண்டு நிமிடம்.

கட்டிய பெட்டியை நிறுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. சரியான பெட்டி ஒன்றை நிறுத்து எடையைச் சுவரில் எழுதிவைத்தால், நூல்கண்டோ மணிப் பாக்கெட்டோ விட்டுப்போனது உடனே தெரியும். ஆனால் ஊசி விட்டுப்போனால் தராசு காட்டாது. கை ஊசி ஒரு கிராம்கூட இருக்காது, அட்டைப் பெட்டிக்குப் பெட்டியே அதைவிட அதிகமாக எடை மாறும். வாங்கியவர்கள் "வரவில்லை" என்று சொல்வதிலும் ஊசிதான் முதலிடம், பாதி நேரம் அது துணி மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஐந்து ஊசியையும் ஒரு தடித்த அட்டையில் வரிசையாக டேப் போட்டு ஒட்டி, அட்டையில் 1, 2 என்று பட்டியல் எண்ணையும் எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே திறந்ததும் கண்ணில் படும்படி வையுங்கள். கிட்டப் படத்திலும் ஊசியை அதே அட்டையோடு காட்டுங்கள்.

8. சாமான் மாறினால்

ராஜா மார்க்கெட்டில் போன மாதம் கிடைத்த அதே குந்தன் கல் இந்த மாதம் கிடைக்கும் என்று எந்தக் கடைக்காரரும் உறுதி தர மாட்டார். வெள்ளைக் கல் இல்லை, லேசாக மஞ்சளடித்தது இருக்கிறது, எடுத்துக்கோங்க என்பார். எடுக்கலாம், ஆனால் அந்தக் கல் பெட்டிக்குள் போகும் முன் லிஸ்டிங் மாற வேண்டும்.

வரிசை இது. முதலில் விற்பனையை நிறுத்தி வையுங்கள், இருப்பு எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் போதும். ஏற்கெனவே வந்த ஆர்டர்களைப் பழைய கல்லிலேயே அனுப்புங்கள், அதற்காகப் பத்துக் கிட்டுக்கான கல்லை எப்போதும் தனியாக எடுத்துவைத்திருங்கள். மூலப் பட்டியலில் 9ஆம் வரியை மாற்றி, மேலே பட்டியலின் தேதியையும் மாற்றுங்கள். கிட்டப் படத்தில் அந்த ஒன்றை மட்டும் புதிதாக எடுத்து நாலு கட்டப் படத்தில் சேருங்கள், மொத்தப் படத்தையும் எண் படத்தையும் மறுபடி எடுக்கத்தான் வேண்டும், ஒன்றும் செய்வதற்கில்லை. அப்புறம் லேபிள், உள்சீட்டு. தளத்தில் படம் மாறித் தெரிய ஓரிரு நாள்கூட ஆகலாம். விற்பவர் பக்கத்தில் மாறிவிட்டது என்று காட்டுவதை நம்பாமல் வேறொரு போனில் வாங்குபவர் மாதிரி திறந்து பார்த்து, புதுப் படம் தெரிந்த பிறகே இருப்பு எண்ணிக்கையைத் திரும்பப் போடுங்கள்.

பழைய தேதியிட்ட உள்சீட்டுகள் மிச்சம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். மேசை மேல் இருந்தால் அவசரத்தில் யாராவது எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.